மழைக்காலம் முழுக்க மனையில் கிடக்கப்போகும் கம்பி, செங்கல், எம்-சாண்ட், ஜல்லியை எப்படி வைப்பது?

கேள்வி: கடலூர்ல, கடல்லேர்ந்து ஒன்றரை கிலோமீட்டர்ல 30க்கு 40 மனை. பேஸ்மெண்ட் ஓடிக்கிட்டிருக்கு. விலை ஏறும்னு சொன்னாங்கன்னு 2 டன் கம்பி, 4,000 செங்கல், 3 யூனிட் எம்-சாண்ட், 2 யூனிட் முக்கால் ஜல்லி இறக்கிட்டேன். எல்லாம் களிமண் தரையில கிடக்கு, மேல தார்ப்பாய் போட்டு மூடியிருக்கேன். மழை விடுற வரைக்கும் வேலை நிக்கும்போல. கம்பி இப்பவே செவக்க ஆரம்பிச்சிருச்சு. எது கெட்டுப்போகும், எப்படி வைக்கணும் சார்?

பதில்:

முதல் வேலையாகக் கம்பிக் கட்டு மேல் போர்த்தியிருக்கும் தார்ப்பாயை எடுத்துவிடுங்கள். இப்போது அது கம்பிக்கு நல்லதைவிடக் கெடுதலைத்தான் அதிகம் செய்கிறது.

நீங்கள் இறக்கியிருக்கும் நான்கில் எதுவுமே மேலிருந்து விழும் மழையால் பெரிதாகக் கெடாது. செங்கல்லை எப்படியும் நனைத்துத்தான் கட்டப்போகிறோம். ஜல்லி மழையில் கழுவப்படுவது நல்லதுதான். தொல்லையெல்லாம் அடியிலிருந்து வருகிறது. களிமண், அதிலிருக்கும் உப்பு, தரையிலிருந்து ஏறும் ஈரம், அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் அடைத்துப் போர்த்தும் பிளாஸ்டிக் என்று இவைதான் காரணம். அதனால் முதலில் அடியைச் சரிசெய்ய வேண்டும். மேலே மூடுவதைப் பிறகு யோசிக்கலாம்.

உங்கள் சரக்கில் உண்மையிலேயே விலை அதிகமானது கம்பி என்பதால் அதிலிருந்து வருகிறேன். கடலோரக் காற்றில் வரும் உப்புத்தூள் கம்பியின் மேல் படியும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால், ஒரு சொட்டு மழை விழாவிட்டாலும் அந்த உப்பே காற்றிலிருந்து நீரை இழுத்துக்கொண்டு கசகசவென்று ஈரமாகிவிடும். கடலூரில் மழைக்கால இரவுகளில் ஈரப்பதம் அதைத் தாண்டாத நாளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். தார்ப்பாயைக் கம்பியோடு ஒட்டிப் போர்த்தினால் களிமண்ணிலிருந்து எழும் ஆவி உள்ளேயே நின்று, விடியற்காலையில் பிளாஸ்டிக்கின் அடிப்பக்கம் வேர்த்துக் கம்பியில் சொட்டும். மழை பட்ட கம்பியிலாவது உப்பு கழுவிக்கொண்டு போகும். மூடிய கம்பியில் உப்பும் தங்கும், ஈரமும் தங்கும். கட்டைப் பிரித்துப் பாருங்கள், வெளிவரிசைக் கம்பி லேசாகச் சிவந்திருக்க, நடுவில் இருப்பவை கூடுதலாகத் துருப்பிடித்திருக்கும். நெருக்கிக் கட்டிய கம்பிகளுக்கு இடையில் புகுந்த தண்ணீர் சீக்கிரம் காயாது.

செய்ய வேண்டியது இதுதான். 8 இன்ச் உயர ஹாலோ பிளாக்குகளை 4 அல்லது 5 அடிக்கு ஒரு வரிசையாக வைத்து, கம்பியை அதன்மேல் ஏற்றுங்கள். இடைவெளி அதற்குமேல் போனால் 8 எம்.எம். கம்பி நடுவில் தொங்கி மண்ணைத் தொட்டுவிடும். தரையிலிருந்து குறைந்தது 150 எம்.எம்., அதாவது 6 இன்ச் உயரம் வேண்டும் என்பது ஐ.எஸ். 4082 சொல்லும் அளவு. மனையில் பொருட்களை அடுக்கிவைப்பதற்கென்றே உள்ள இந்தியத் தர நிர்ணயம் அது. முழுநீளக் கம்பி 12 மீட்டர், கிட்டத்தட்ட 39 அடி இருக்கும். உங்கள் மனையின் 40 அடிப் பக்கத்தில் மதில் ஓரமாக மட்டும்தான் அது நீட்டிப் படுக்கும். இரண்டாக மடித்து வந்திருந்தால் 20 அடியில் அடங்கிவிடும், ஐந்து வரிசை பிளாக் போதும். மடிப்பு விழுந்த இடத்தை மட்டும் சுத்தியலால் அடித்து நிமிர்த்திப் பில்லரின் மெயின் கம்பியில் போட விடாதீர்கள். அந்த இடத்தில் வெட்டி, துண்டுகளைக் குறைந்த நீளம் தேவைப்படும் இடத்துக்கு ஒதுக்கச் சொல்லுங்கள்.

ஏற்றும்போதே கட்டுகளை அவிழ்த்து, கம்பிகளைத் தளர்வாகப் பரப்புங்கள். 8, 10, 12, 16 எம்.எம். தனித்தனியாக இருக்கட்டும். நல்ல தண்ணீரால் ஒருமுறை அலசிவிட்டு வெயிலில் காயவிடுங்கள். கடலோரத்துப் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் அலசவே வேண்டாம், குடிதண்ணீரோ மழைத்தண்ணீரோ போதும். காய்ந்த பிறகு சிமெண்டைத் தண்ணீரில் பால்போலக் கரைத்து பிரஷ்ஷால் ஒரு கை அடித்துவிடுங்கள். நெடுநாள் கிடக்கும் கம்பிக்கு அதே ஐ.எஸ். 4082 சொல்லும் வழி இதுதான். சிமெண்டின் காரத்தன்மை துருவைத் தாமதப்படுத்தும். வேலை தொடங்கும்போது உதிர்கிற பூச்சைக் கம்பி பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். பழைய இன்ஜின் ஆயில் அடித்தால் துருவே பிடிக்காது என்று பக்கத்து மனைக்காரர் நிச்சயம் யோசனை சொல்வார். துரு பிடிக்காதுதான், காங்கிரீட்டும் பிடிக்காது. கம்பியின் மேல் எண்ணெய், பெயிண்ட், சேறு எதுவும் இருக்கக்கூடாது என்று காங்கிரீட் வேலைக்கான தர நிர்ணயமான ஐ.எஸ். 456 தெளிவாகவே சொல்கிறது.

இதற்குப் பிறகு தார்ப்பாய் போடலாம். ஆனால் போர்த்தாதீர்கள், கூரையாகக் கட்டுங்கள். சவுக்குக் கட்டை நட்டு, கம்பிக்கு மேல் ஒன்றரை அடியாவது இடைவெளி விட்டு, வடகிழக்குப் பக்கம் தாழ்வாக இறக்கிக் கட்டினால் பருவமழைச் சாரலும் கடல்காற்றும் ஓரளவு தடுக்கப்படும். இரு முனைகளும் திறந்திருக்க வேண்டும், உள்ளே காற்று ஓடுவதுதான் முக்கியம்.

இப்போதைய சிவப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சாக்குத் துணியால் அழுத்தித் துடைத்தால் கையில் ஒட்டும் பொடி மாதிரியான துரு காங்கிரீட்டின் பிடிப்பைக் கெடுக்காது. செதில் செதிலாக உரிந்தால், அல்லது பிரஷ் போட்ட பிறகு சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தால், அல்லது முறுக்குவரி மழுங்கியிருந்தால் எடைபோட வேண்டிய நேரம் வந்துவிட்டது. கம்பியின் விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் எடை கிலோவில் கிடைக்கும். 12 எம்.எம். கம்பிக்கு 12ஐ 12 ஆல் பெருக்கினால் 144, அதை 162 ஆல் வகுத்தால் சுமார் 888 கிராம். 8 எம்.எம். கம்பிக்கு 395 கிராம். துருவைச் சுத்தமாகத் தட்டி எடுத்துவிட்டு, சரியாக ஒரு மீட்டர் வெட்டி, மளிகைக் கடைத் தராசில் வைத்தாலே போதும். முறுக்குக் கம்பிக்கான தர நிர்ணயமான ஐ.எஸ். 1786 தனித் துண்டுக்குக் கொடுக்கும் தளர்வு 8, 10 எம்.எம். கம்பிக்கு 8 சதவீதம், 12, 16க்கு 6 சதவீதம். ஆக 12 எம்.எம். துண்டு 835 கிராமுக்குக் கீழே வந்தாலோ, 8 எம்.எம். துண்டு 363 கிராமுக்குக் கீழே வந்தாலோ அந்தக் கம்பியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு உங்கள் இன்ஜினியரிடம் காட்டுங்கள். புதுக் கம்பியே இந்தத் தளர்வுக்குள் கொஞ்சம் எடை குறைவாக வந்திருக்கலாம். அதனால் இன்றைக்கே ஒவ்வொரு அளவிலும் ஒரு மீட்டர் எடைபோட்டுக் குறித்து வையுங்கள். தை மாதம் எடுக்கும் எடையை ஒப்பிட அப்போதுதான் ஓர் ஆதாரம் இருக்கும்.

மெல்லிய கம்பியைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். சுற்றிலும் 0.1 எம்.எம். துரு தின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 எம்.எம். கம்பியில் அது இரண்டரை சதவீத இழப்பு. 8 எம்.எம். கம்பியில் அதே துரு 5 சதவீதத்தைத் தின்றுவிடும். இடம் குறைவாக இருந்தால் கூரையின் நடுப்பகுதியை 8 எம்.எம். கம்பிக்கும், வளைத்து முடித்த ரிங்குகளுக்கும் கொடுங்கள். ரிங்குகளைச் சேற்றில் குவிக்காமல் ஒரு கட்டையில் கோத்துத் தொங்கவிடலாம்.

கம்பி விஷயத்தில் இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை. பேஸ்மெண்டிலிருந்து மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் பில்லர் கம்பிகள். வேலை நின்ற மனைகளில் எல்லாவற்றையும்விடச் சீக்கிரம் கெடுவது இவைதான். எடுத்து வேறு இடத்தில் வைக்க முடியாது, மாற்றவும் முடியாது. காங்கிரீட்டிலிருந்து கம்பி வெளியே வரும் அந்த ஒரு சாண் உயரத்தில் மழைத்தண்ணீர் தேங்கித் தேங்கி உள்வாங்கும். அதனால் அடிப்பகுதியைச் சுற்றித் தண்ணீர் தேங்காதபடி கலவையால் சரிவு கொடுத்துவிட்டு, மேல்நீளம் முழுக்கச் சிமெண்ட் பாலைக் கெட்டியாக இரண்டு கை அடியுங்கள். பிளாஸ்டிக் பையை மாட்டிக் கட்டிவைப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். தார்ப்பாய் கதைதான் அங்கேயும், பைக்குள் வேர்த்துக்கொண்டே இருக்கும்.

அடுத்தது எம்-சாண்ட். உங்கள் 3 யூனிட் என்பது 300 கன அடி. சரிவாகக் குவித்தால் சராசரி 2 அடி உயரத்தில் 12க்கு 12 அடி இடம் பிடிக்கும். அது களிமண் தரையில் கிடந்தால் அடியில் ஒரு 3 இன்ச்சாவது மண்ணோடு கலந்துவிடும். 12க்கு 12 அடியில் 3 இன்ச் என்றால் 36 கன அடி. ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போச்சு. போவதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. கடைசி நாள் லோடு வரத் தாமதமாகும்போது சித்தாள் மண்வெட்டியால் அதையும் வழித்துச் சட்டியில் போட்டு மிக்சரில் கொட்டிவிடுவார். களிமண் கலந்தால் கலவைக்குத் தண்ணீர் கூடுதலாகக் கேட்கும், காங்கிரீட் பலம் குறையும்.

மணலை இப்போதே ஒருமுறை இடம்மாற்றுவதுதான் சரி, கூலி கொடுத்தாலும் நஷ்டமில்லை. பேஸ்மெண்டுக்குள் ஏதாவது ஓர் அறை கிராவல் நிரப்பித் திமிசு போட்டு முடிந்திருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. தரைமட்டத்துக்கு மேலே இருக்கும், சுற்றிலும் சுவர் இருக்கும். அங்கே பழைய தகரமோ ஃப்ளெக்ஸ் பேனரோ விரித்துக் கொட்டுங்கள். அது இல்லையென்றால் உடைந்த செங்கல்லைப் பரப்பி அதன்மேல் 2 இன்ச் மட்டமான காங்கிரீட் போட்டு, ஒருபக்கம் லேசான சரிவு வைத்து, மூன்று பக்கமும் இரண்டு வரிசை பிளாக் அடுக்கினால் போதும். நாலாவது பக்கம் மண்வெட்டிக்கும், தண்ணீர் வடியவும். அண்டை வீட்டு மதிலில் சாய்த்து மட்டும் கொட்டாதீர்கள். நனைந்த மணல் பக்கவாட்டில் தள்ளும், நாலரை இன்ச் மதில் அதைத் தாங்கக் கட்டப்பட்டதல்ல.

மழையில் எம்-சாண்டுக்கு நடப்பது வேறு. அதிலிருக்கும் மெல்லிய கல்பொடி கழுவப்பட்டு மேலிருந்து கீழே இறங்கிவிடும், கொஞ்சம் ஓரமாக ஓடியும் போகும். மழைக்குப் பிறகு குவியலின் மேல்பகுதி சொரசொரவென்றும், அடிப்பகுதி சந்தனம் மாதிரி வழவழவென்றும் இருக்கும். மேல் மணலில் போட்ட காங்கிரீட்டில் தண்ணீர் தனியே பிரியும், அடி மணலில் போட்டது தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கும். பூச்சுக்குப் பி-சாண்ட் இறக்கும்போது அதை எம்-சாண்டுக்குப் பக்கத்திலேயே கொட்ட விடாதீர்கள், இரண்டு குவியலும் ஓரத்தில் கலந்தால் பிரிக்க வழியே இல்லை. மணலுக்கு மட்டும் தார்ப்பாயைத் தாராளமாக மேலேயே போர்த்தலாம், கெடுவதற்கு அதில் ஒன்றுமில்லை. வெயில் நாட்களில் பச்சை வலை போதும். பூனை, நாய்த் தொல்லைக்கும் வேப்பிலை, புளியிலைச் சருகுக்கும் வலைதான் நல்ல மருந்து.

அடி மணல் கெட்டிருக்கிறதா என்று தெரிய, இன்றைக்கு மேலாக ஒரு கிலோ நல்ல மணலை எடுத்துப் பையில் கட்டிவையுங்கள். பின்னால் சந்தேகம் வரும்போது ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி பாட்டிலில் ஒன்றில் அதையும் மற்றதில் குவியலின் அடி மணலையும் பாதி உயரம் போட்டு, முக்கால்வரை தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மேலே படியும் மெல்லிய அடுக்கு அடி மணலில் தெளிவாகத் தடிமனாக இருந்தால் மண்ணோ பொடியோ சேர்ந்திருக்கிறது. ஆற்றுமணலில் இந்த மெல்லிய அடுக்கு 8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று சொல்லும் கணக்கை எம்-சாண்டுக்கு அப்படியே போடக்கூடாது, அதில் இயல்பாகவே கல்பொடி உண்டு. அதனால்தான் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன். அடுக்கின் நிறமும் காட்டிக்கொடுக்கும். கல்பொடி சாம்பல் நிறம், உங்கள் களிமண் வேறு நிறம்.

நனைந்த மணலைக் கலவையில் போடும்போது தண்ணீர்க் கணக்கை மாற்ற வேண்டும். ஒரு மூட்டை சிமெண்டுக்கு 1:1.5:3 கலவையில் சுமார் 1.9 கன அடி, அதாவது ஏறக்குறைய 80 கிலோ மணல் போகும். அதில் 5 சதவீத ஈரம் இருந்தால் 4 லிட்டர் தண்ணீர் ஏற்கெனவே கலவைக்குள் வந்துவிட்டது. மூட்டைக்கு 25 லிட்டர் ஊற்றுகிறவர் அன்றைக்கு 21 தான் ஊற்ற வேண்டும். ஈரமணல் உப்பியும் இருக்கும். பெட்டியில் அளந்தால் உள்ளே மணல் குறைவாகத்தான் போகும், அதற்குக் கால் பங்கு வரை கூட்டிப்போட வேண்டியிருக்கும். கனமழை பெய்த மறுநாள் காலையில் குவியலின் அடியில் கை வைக்காமல் ஒருநாள் வடியவிட்டு, மேலும் கீழும் புரட்டிக் கலந்து எடுங்கள்.

ஜல்லிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதே மாதிரி தளம், மூடவே வேண்டாம். கூம்பாக உயர்த்திக் குவித்தால் பெரிய கல் உருண்டு அடிவாரத்துக்கு வந்துவிடும், அதனால் 4 அடிக்கு மேல் போகாமல் பரப்பிவிடுங்கள். டிப்பர் சக்கரம் ஏறிச் சேறு ஒட்டிய ஜல்லியை மிக்சரே கழுவிவிடும் என்று நினைக்காதீர்கள். காய்ந்த களிமண் கல்லோடு ஒட்டிக்கொண்டு சிமெண்டைக் கல்லில் பிடிக்க விடாது. அப்படிப்பட்டதைச் சல்லடையில் போட்டுத் தண்ணீர் அடித்துத்தான் எடுக்க வேண்டும்.

செங்கல்லுக்கு உங்கள் இடத்தில் பயம் உப்புதான். நன்றாக வெந்த கல் மழையில் கரையாது, ஆனால் கீழ்வரிசை தரையிலிருந்து உப்புநீரை உறிஞ்சும். அந்தக் கல்லைச் சுவரில் வைத்தால் ஈரம் காயும்போது உப்பு மேலே வந்து பூக்கும், பெயிண்ட்டைத் தள்ளும், பூச்சு பொரிந்து உதிரும். ஃப்ளெக்ஸ் விரித்து, அதன்மேல் உடைந்த கல் ஒரு வரிசை பரப்பி, பிறகு நல்ல கல்லை அடுக்குங்கள். ஐ.எஸ். 4082 சொல்வது நீளத்தில் 50, அகலத்தில் 4, உயரத்தில் 10 கல், கல்லைப் படுக்கவைக்காமல் நீளப் பக்கத்து விளிம்பில் நிறுத்தி அடுக்க வேண்டும் என்று. அது 2,000 கல். உங்களுக்கு அப்படி இரண்டு அடுக்கு வரும், இடமில்லையென்றால் நீளத்தைப் பாதியாக்கி நான்காகப் பிரிக்கலாம். உயரம் 10ஐத் தாண்ட வேண்டாம். அடுக்குகளுக்கு இடையில் ஆள் நடக்கிற அளவு, 80 சென்டிமீட்டர், விடுங்கள். வாணம் தோண்டிய குழி இன்னும் திறந்திருந்தால் அதன் விளிம்பிலிருந்து 5 அடியாவது தள்ளியிருக்க வேண்டும், மழையில் ஊறிய களிமண் கரை கல்லோடு சேர்ந்து சரியும்.

தொடர்மழையில் ஊறிய கல்லை உடனே கட்டக் கூடாது. கல் இனி தண்ணீர் குடிக்காது, கலவையின் மேல் மிதந்து நழுவும், வரிசை கோணலாகும். மேல்பரப்பு உலரும்வரை விட்டுக் கட்டுங்கள். இரண்டு கல்லைத் தட்டிச் சத்தம் கேட்கும் பரிசோதனையையும் அப்போது செய்யாதீர்கள், ஊறிய நல்ல கல்கூட மொத்தென்றுதான் கேட்கும். கீழ்வரிசையில் உப்பு ஏறியிருக்கிறதா என்று பார்க்க, ஒரு கல்லைத் தட்டில் நிறுத்தி ஓர் இன்ச் உயரம் சுத்தமான மழைத்தண்ணீர் ஊற்றிக் காற்றோட்டத்தில் வையுங்கள். தண்ணீர் வற்றியபின் இன்னொரு முறை ஊற்றி அதையும் வற்றவிட்டுப் பாருங்கள். வெள்ளை படிந்து உதிர்ந்தால் அந்த வரிசையை மதிலுக்கும் செப்டிக் டேங்க் வெளிச்சுற்றுக்கும் ஒதுக்காதீர்கள், அங்கேதான் ஈரம் அதிகம். தரை நிரப்பும் உடைகல்லாகப் போகட்டும். இந்தச் சோதனைக்குப் போர் தண்ணீர் வேண்டாம், அதிலேயே உப்பு இருந்தால் நல்ல கல்லும் பூக்கும்.

பின்னால் ரூஃப் போட்டதும் மேலே காலி இடம் கிடைத்ததென்று கல்லையும் மணலையும் ஏற்றிவைக்க ஆள் சொல்வார்கள். பத்து வரிசைச் செங்கல் அடுக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் வரும். வீட்டுத் தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ கூடுதல் சுமைக்குத்தான் கணக்கிடப்படுகிறது. அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் ஏற்றி, பீமுக்கு மேலே சிதறலாக வையுங்கள். அடுத்த லோடுகளையும் அப்படியே, ரூஃப் கம்பியைச் சென்ட்ரிங் அடிக்கத் தொடங்கிய பிறகு இறக்கினால் போதும்.